முகம் தெரியலாம்

என் மகள் படிக்கும் பள்ளி, தன் சமூக வலைதளப் பக்கத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு வீடியோ போடும். காய்கறித் தோட்டம், கேரம் போட்டி, ஆங்கில வாரம், எதுவாக இருந்தாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் பள்ளியின் பெயரும் சேர்க்கை நடக்கிறது என்ற வரியும் வரும். புதிதாகப் பிள்ளை சேர்க்க நினைப்பவர்களுக்காகப் போடப்படுகிறவை அவை. நான் ஒன்று விடாமல் பார்ப்பேன்.

அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவோடு அம்பத்தூரில் இருக்கிறாள். நான் திருநின்றவூரில் ஏரிப் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். நாங்கள் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவள் என்னோடு இருப்பாள். அப்படித்தான் பேசி எழுதிக்கொண்டோம். அதை யாரும் இதுவரை மீறியதில்லை. பாடியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. கொரட்டூருக்குப் போகும் ரயில் தினமும் காலையில் அம்பத்தூரில் அரை நிமிடம் நிற்கும். அந்த நேரத்தில் அவள் தலை பின்னிக்கொண்டிருப்பாள், அல்லது வேனுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். எதிர்ப்பக்கம் ஏறும் கூட்டத்துக்கு ஒதுங்கி நின்றபடி நான் அதை நினைத்துக்கொள்வேன்.

பள்ளியின் வீடியோக்களில் அவள் முகம் இருக்காது. வருடத் தொடக்கத்தில் பெற்றோருக்கு ஒரு சம்மதப் படிவம் வரும். அதில் நான்கு கட்டங்கள். பிள்ளையின் படத்தை வகுப்பறைப் பலகையிலும் பெற்றோர் குழுவிலும் மட்டும் போடலாம் என்பது முதலாவது. முதுகு, கை, தூரத்துக் காட்சி என்று முகம் தெரியாமல் பள்ளிப் பக்கத்தில் போடலாம் என்பது இரண்டாவது. பெயர் இல்லாமல் முகம் தெரியலாம் என்பது மூன்றாவது. விளம்பரத்துக்கும் பேனருக்கும் பயன்படுத்தலாம் என்பது நான்காவது. அவள் அம்மா முதல் இரண்டை மட்டும் டிக் செய்திருந்தாள். அப்போதே என்னிடம் போனில் சொன்னாள். "மூஞ்சி காட்டணுமா வேணாமான்னு அவளே பெரியவளாகி முடிவு பண்ணிக்கட்டும். நாம இப்பவே கொடுத்துட்டா அப்புறம் திரும்ப வாங்க முடியாது." நான் சரி என்றேன். அந்தச் சரியை மனதாரத்தான் சொன்னேன்.

ஆகவே நான் பார்த்ததெல்லாம் பின்னங்கழுத்துகளும் கைகளும்தான். அதிலேயே அவளைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தேன். இடது கையால் எழுதுவாள். ஒரு காலில் மட்டும் சாக்ஸ் இறங்கியிருக்கும். இருபது பிள்ளைகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால், யார் பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொல்லச் சாய்கிறாளோ அவள்தான். கண்டுபிடித்ததும் வீடியோவை நிறுத்திவைத்துக்கொண்டு பார்ப்பேன். மாலை ரயிலில் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பட்டாபிராம் வரை ஒரு பெண்ணின் பின்னலைப் பார்த்துக்கொண்டு வரும் ஆளாகத் தெரிந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நேரில் பார்க்கிறாயே, போட்டோ எடுத்துக்கொள்ளலாமே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எடுக்கிறேன். என் போனில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைப் பெண். நல்ல கவுன் போட்டு, முடி அடங்கி, பூங்காவில் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவள். என்ன வேண்டும் என்று கேட்டால் "எதுவா இருந்தாலும் ஓகேப்பா" என்பாள். என் மனம் நோகக் கூடாது என்று இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு வேண்டியிருந்தது செவ்வாய்க்கிழமைப் பெண். தோழியோடு சண்டை போடுகிறவள், மூக்கில் மை பூசிக்கொண்டு வருகிறவள், யாரையும் கவனித்துப் பேசத் தேவையில்லாதவள். அவள் இந்த ஊரிலேயே, எனக்கு ஆறேழு ஸ்டேஷன் தள்ளி, தினமும் இருந்தாள். நான் இல்லாதபோது மட்டும் இருந்தாள்.

ஜனவரியில் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்காகப் புதிய வீடியோக்கள் எடுக்கப்போகிறோம், சம்மதத்தைப் புதுப்பித்துத் தாருங்கள் என்று ஓர் இணைப்பு. பதிவேட்டில் என் எண்ணும் இருந்ததால் எனக்கும் வந்திருந்தது. போனுக்கு வரும் நான்கு இலக்க எண்ணைப் போட்டால் படிவம் திறக்கும். திறந்தேன். அவள் பெயர், வகுப்பு, கீழே அதே நான்கு கட்டங்கள்.

ரயில் அண்ணனூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான்கையும் டிக் செய்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்தேன். அவள் அம்மாவுக்கும் இது போயிருக்கும், அவள் வேண்டாம் என்றுதான் போட்டிருப்பாள், இரண்டையும் வைத்துப் பார்த்தால் பள்ளி எப்படியும் வேண்டாம் என்பதைத்தான் எடுத்துக்கொள்ளும், நான் போடுவதால் ஒன்றும் ஆகிவிடாது என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது என்று நம்பியவன், ஒருவேளை ஆகிவிட்டால் என்று ஆசையும் பட்டேன். சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தும்போது அம்பத்தூர் வந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கள் மாலை அந்த வீடியோ வந்தது. அறிவியல் கண்காட்சி. மேசை மேல் களிமண்ணில் செய்த எரிமலை. அதன் பின்னால் என் மகள், முழு முகத்தோடு. சோடா மாவையும் வினிகரையும் பற்றி ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்குத் தாவி, "இப்ப பாருங்க, இப்ப பாருங்க" என்று கையை ஓங்கினாள். எரிமலை பொங்காமல் ஒரு பக்கமாகச் சரிந்து, சிவப்புத் தண்ணீர் மேசை விரிப்பில் ஓடியது. அவள் ஒரு நொடி திகைத்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேல்வரிசையில் விழுந்த பல்லின் ஓட்டை தெரிய, குனிந்து குனிந்து சிரித்தாள். படத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆசிரியை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "துணி எடுத்துட்டு வா, ஓடு" என்றார். அவள் ஓடினாள். அவ்வளவுதான்.

நான் கொரட்டூர் நடைமேடையில் உட்கார்ந்து ரயில்களை விட்டுவிட்டுப் பார்த்தேன். போனில் சேமித்துக்கொண்டேன். எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் சிரிப்பை மூன்று வருடமாக நான் கேட்டிருக்கவில்லை. அவள் பெயரை அந்த ஆசிரியை சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் எனக்கு அது உறைக்கவில்லை. தன் மகளின் பெயரை யாரோ கூப்பிடுவது எந்தத் தகப்பனுக்கு ஆபத்தாகக் கேட்கும்?

புதன்கிழமை மாலை நாலே முக்காலுக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"பாப்பா உங்க கூட இருக்காளா?"

"இல்லையே. ஏன்?"

"டியூஷனுக்கு வரலையாம். நாலு மணிக்கே வேன்ல இறங்கிட்டா. வேன்காரர் இறக்கிவிட்டதைப் பார்த்தவங்க இருக்காங்க."

வேன் நிற்கும் முனையிலிருந்து டியூஷன் வீடு இருபது அடி எடுத்து வைத்தால் வந்துவிடும். மேலதிகாரியிடம் சொன்னேனா இல்லையா என்று இப்போதும் நினைவில்லை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஓர் ஆட்டோவை மறித்தேன். அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், ஆஸ்பத்திரியா?"

"பொண்ணக் காணோம்."

அவர் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் வண்டியை நுழைத்தார். "கெட்ச்சிரும் சார். கொயந்தைங்க எங்கியாச்சும் வேடிக்க பாத்துகினு நிக்கும்," என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அந்த வழி முழுக்க நான் போனை இறுகப் பிடித்திருந்தேன். அதற்குள்தான் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவள் கிடைத்திருந்தாள். அடுத்த தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில், இயந்திரத்துக்குப் பின்னால் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். கடையை நடத்தும் பெண்மணி தன் துப்பட்டாவால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார். "முக்கா மணி நேரமாக் கேக்குறேன் தம்பி. பேரச் சொல்லும்மா, அம்மா நம்பரச் சொல்லும்மான்னு. வாயே தொறக்கல. தெரியாதவங்க கிட்ட பேர் சொல்லக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்களாம். அத மட்டும் சொன்னா. பிஸ்கட்டுகூட வாங்கல." கடைசியில் பைக்குள் இருந்த டைரியைக் காட்டச் சொல்லி, அதிலிருந்த எண்ணைப் பார்த்து அவர்தான் அழைத்திருந்தார்.

நடந்தது இதுதான். வேன் முனையில் ஒரு ஜூஸ் வண்டி உண்டு. அங்கே நின்றிருந்த ஓர் ஆள் இவளைப் பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். "எரிமல பொண்ணு நீதானே? போன்ல பாத்தேன். ஊடு எங்க, இங்கயா கீது? யாரு வந்து கூட்டினு போவாங்க?" அவள் திரும்பி ஓடியிருக்கிறாள். டியூஷன் வீட்டுக்கு ஓடினால் அந்த இடம் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறாள். அந்த ஆள் வெறும் வாயாடியாக இருக்கலாம். ஜூஸ் வண்டிக்காரர் அப்படித்தான் சொன்னார். இருக்கலாம். நான் அந்த 'இருக்கலாம்' என்பதோடுதான் இன்னும் தூங்கப் போகிறேன்.

என்னைப் பார்த்ததும் அவள் என்னிடம் வரவில்லை. எனக்கு முன்பே வந்துவிட்டிருந்த தன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எந்த வீடியோ?" என்று அவள் அம்மா என்னைக் கேட்டாள். "அவ மூஞ்சி எப்படி வரும்? நான் வேணாம்னுதானே போட்டேன்?" அவள் ஆய்வகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். பள்ளிப் பக்கத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

"நாளைக்கு ஸ்கூல்ல போய்க் கேப்போம்," என்றேன். அந்தத் தெருவில் நின்று நான் சொன்ன பொய் அது. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாமல் சொன்ன பொய்.

மறுநாள் காலை பள்ளி அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். வீடியோக்களைக் கவனிப்பவர் இளவயதுக் கணினி ஆசிரியை. நடந்ததைக் கேள்விப்பட்டு முதல் வேலையாக வீடியோவை எடுத்துவிட்டிருந்தார். தற்காப்பாகப் பேசவில்லை, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நான் எப்பவும் ஐடி கார்டைக் கழட்டச் சொல்லிட்டுதான் மேடம் எடுப்பேன். வேன் நம்பர் போர்டு, வீட்டுப் பக்கம் தெரியிற மாதிரி எதுவும் வராது. அன்னைக்கு எடுத்ததை அன்னைக்கே போடமாட்டேன். இடம் டேக் பண்ண மாட்டேன். சத்தத்தை எடுத்துட்டு மியூசிக் போட்டுருவேன். இதுல பாப்பா அவ்ளோ அழகாப் பேசினதால சத்தத்தை விட்டுட்டேன். கடைசியில பேர் சொல்லிக் கூப்பிட்டது... நான் நாலு தடவை பாத்தேன். அவ மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். காதுலயே விழல."

இன்னொன்றும் சொன்னார். சேர்க்கை நேரம் என்பதால் அந்த வீடியோவைப் பணம் கட்டி விளம்பரமாக ஓட்டியிருந்தார்கள். அப்படி ஓட்டினால் பள்ளியைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டரில் இருப்பவர்கள் போனுக்குத்தான் முதலில் போகும். அதாவது, அவளைத் தெருவில் பார்க்கக்கூடியவர்களுக்கு.

"அதெல்லாம் சரி," என்றாள் அவள் அம்மா. "நான் முகம் வேணாம்னு போட்டது என்னாச்சு?"

ஆசிரியை மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. சேர்க்கை எண்ணை வைத்து, கடைசியாக வந்த பதில் எதுவோ அதுதான் பட்டியலில் நிற்கும். முந்தைய பதில் அதற்குக் கீழே மறைந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அப்பா அம்மா யாராவது ஒருவர்தான் நிரப்புவார்கள். இரண்டு வீட்டிலிருந்து இரண்டு பதில் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. "உங்க பதில் திங்கக்கிழமை வந்திருக்கு மேடம். ரெண்டே ரெண்டு டிக். அதுக்கப்புறம் வியாழக்கிழமை இன்னொரு நம்பர்ல இருந்து நாலு டிக் வந்திருக்கு."

அந்த எண்ணை அவள் படித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக மனப்பாடமாகத் தெரிந்த எண்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

சொன்னேன். அந்நியர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க, முதுகையும் சாக்ஸையும் பற்றிச் சொன்னேன். நடுவில் ஆசிரியை எழுந்து தண்ணீர் எடுத்துவருவதாக வெளியே போய்விட்டார். சொல்லி முடித்துவிட்டு, கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல," என்றாள். "ராத்திரி ஹோம்வொர்க் பண்றப்ப பாட்டுப் பாடிக்கிட்டே பண்ணுவா. எடுத்து உங்களுக்கு அனுப்பியிருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

அது எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. மூன்று வருடமாக எதையும் அவளிடம் கேட்பதில்லை என்பதை ஒரு கண்ணியம்போல் கடைப்பிடித்து வந்திருந்தேன்.

பள்ளி தந்த தாளில், முகம் தெரியவும் விளம்பரத்துக்கும் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பெற்றோரும் தனித்தனியாகப் பதில் தந்தால், எதில் அனுமதி குறைவோ அதையே எடுத்துக்கொள்வது என்று தலைமை ஆசிரியை அன்றே பட்டியலை மாற்றச் சொன்னார். விளம்பரம் நின்றது. அந்தக் காட்சியிலிருந்து எடுத்துச் சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் போடவிருந்த படத்தையும் நீக்கினார்கள். "எங்க பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டோம் சார்," என்றார் கணினி ஆசிரியை. "யாராச்சும் சேவ் பண்ணி வச்சிருந்தா அதை மட்டும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." அவர் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் என் சட்டைப் பையில் போன் கனத்தது.

அடுத்த ஞாயிறு என் முறை. வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. வந்தாள். பூங்காவில் ஊஞ்சலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வாங்கிக்கொடுத்த சோளத்தை வரிசை வரிசையாகத் தின்றாள். தெரியாத ஆண்கள் அந்தப் பக்கம் நடந்தால் தின்பதை நிறுத்திவிட்டு, அவர்கள் போன பிறகு தொடர்ந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, நீதான் ஓகே போட்டியாமே."

"ஆமாம்மா."

"எங்கிட்டயும் யாரும் கேக்கல." புகாராகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள். "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். எரிமலை சாஞ்சுடுச்சு, பல்லு வேற இல்ல. ஆறாம் கிளாஸ் அண்ணனுங்கல்லாம் 'பொக்க எரிமல'ன்னு கூப்பிடுறாங்க."

எனக்கு மிகப் பிடித்த அந்தச் சிரிப்பு, அவளுக்கு இப்படிப் போய்ச் சேர்ந்திருந்தது. "தப்புதான்," என்றேன். "அப்பா கேட்டிருக்கணும்."

"உன் போன்ல இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் என் பைகளைச் சோதிக்கிற பெண் இல்லை. "இருக்கு," என்றேன்.

"அழிச்சிடுப்பா."

"அப்பா மட்டும்தான் பாப்பேன். யாருக்கும் அனுப்ப மாட்டேன்."

அவள் சோளக் கட்டையில் மிச்சமிருந்த ஒரு மணியை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். சம்மதம் கேட்பது என்றால், வேண்டாம் என்ற பதிலுக்கும் இடம் வைத்துக் கேட்பது. அதை அந்த மௌனத்தில்தான் புரிந்துகொண்டேன். போனை எடுத்து, அவள் பார்க்கும்படி மடியில் வைத்து, வீடியோவைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். எரிமலையும் முகமும் சின்னச் சதுரமாகச் சுருங்கிக் காணாமல் போயின.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"டிரேஷ்ல இருக்கும்பா. முப்பது நாள் இருக்கும். அதையும் எடுக்கணும்."

எனக்குத் தெரியும். அழிக்கும்போதே தெரியும். முப்பது நாள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் விரல் அவ்வளவு சுலபமாக நகர்ந்தது. அதை அவளிடம் சொன்னேன். "தெரிஞ்சுதான் விட்டேன்," என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட தோழியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஃப்ராடு," என்றாள்.

குப்பைக்குள் போனேன். அங்கேயும் அவள் இருந்தாள், கையை ஓங்கியபடி, எரிமலை சரிவதற்கு ஒரு நொடி முன்னால். நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. நீக்கு என்றேன். பெட்டி காலியானது.

"வருத்தமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

அவள் தலையாட்டினாள். அதை மாற்ற எதுவும் செய்யவில்லை. எதுவாக இருந்தாலும் ஓகேப்பா என்று சொல்லவில்லை. சோளக் கட்டையை என் கையில் திணித்துவிட்டு, ஊஞ்சல் காலியாகிவிட்டது என்று ஓடினாள். ஒரு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.